மூன்று நிமிடமும் ஐந்து விரல்களும்: கேள்வி பதில்

கல்லூரி ஆய்வு நாட்களில் மாணவர்கள் தங்கள் ஆய்வை மூன்று நிமிடத்தில் மேடையில் சொல்ல வேண்டும். அங்கே பல ஆண்டுகள் மேடையோரம் மணியடித்த வரலாற்று ஆசிரியை நான். ஓய்வு பெற்றுவிட்டேன். கேளுங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றி 22 பக்க செமஸ்டர் கட்டுரை எழுதினேன். எவ்வளவு சுருக்கினாலும் ஏழு நிமிடம் வருகிறது அம்மா. (முதுகலை மாணவி)

சுருக்காதீர்கள். 22 பக்கத்தையும் பிழிந்தால் சக்கைதான் மேடைக்கு வரும். எழுதும்போது உங்களையே நிமிர்ந்து உட்கார வைத்த ஒரு பக்கம் இருக்கும். அதை மட்டும் எடுங்கள்.

நீங்கள் அனுப்பிய கட்டுரையில் அது 14ஆம் பக்கம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919இல் ஊர்ச் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டுகிறது. இரண்டே ஆண்டில், 921இல், அதே சபை அவற்றைத் திருத்தி மறுபடி வெட்டுகிறது. முதலில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு 35 முதல் 70 என்று மாறுகிறது. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் பெயர் எழுதிய ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட 921 கல்வெட்டு சொல்கிறது. வாங்கியவன் வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் பூசகர்களான நம்பிமாரும் வாசிக்க வேண்டும்.

விரித்த கையில் தொடங்குங்கள்: 40 விநாடி. இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஒரு நிமிடம். விரல் வரைக்கும் விதி எழுத ஒரு சபைக்கு என்ன அவசியம் வந்தது என்று 50 விநாடி பேசுங்கள். ஓலை மாற்றும் கைவேலை நடந்திருக்கலாம் என்பது உங்கள் ஊகம். ஊகம் என்றே சொல்லுங்கள். உங்களுக்கு விடை கிடைக்காததற்குக் கடைசி 15 விநாடி. மீதி 15 ஒலிபெருக்கியின் கொறகொறப்புக்கு. சோழர் வரலாறு, கோயில் அமைப்பு, வாரியங்களின் பட்டியல் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு எழுதி வைத்துக்கொள்வது?

நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 90 தமிழ்ச் சொற்கள் வரும். 250 சொல்லில் நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் சொல்லும் 400 சொல் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். நம் சொற்கள் நீளம்.

என்னிடம் 12 ஸ்லைடு இருக்கிறது. வேகமாக மாற்றினால் போதுமா? (இயற்பியல்)

ஒன்று. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிடப் போட்டியிலும் அசையாத ஒரே ஸ்லைடுதான். உங்கள் கல்லூரி விதி வேறாக இருந்தால் அதைப் படியுங்கள்.

அவை வணக்கம் சொல்ல வேண்டாமா?

"மேடையில் வீற்றிருக்கும்" என்று தொடங்கிய மாணவர் ஒருவருக்கு நான் கடிகாரம் பிடித்தேன். முதல்வர், துறைத்தலைவர், நடுவர் என்று முடிக்க 26 விநாடி. "வணக்கம்" போதும்.

குடவோலைதான் உலகின் முதல் ஜனநாயகம் என்று தொடங்கினால் கைதட்டல் நிச்சயம். அதை ஏன் விட வேண்டும்?

கைதட்டல் கிடைக்கும், பிறகு நடுவரின் கேள்வி வரும். கிறிஸ்துவுக்கு முன்பே ஏதென்ஸில் சீட்டுக் குலுக்கி அலுவலர்களை எடுத்தார்கள். உத்திரமேரூர் பிராமணர்களின் சபை. வேட்பாளருக்கு வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். மூன்று நிமிடத்தில் 'முதல்' என்று சொன்னால் அதைக் காப்பாற்றவே மூன்று நிமிடம் போய்விடும்.

அதே நபர்: ஏதென்ஸில் மட்டும் அடிமைகளும் பெண்களும் வாக்களித்தார்களா? அதை ஜனநாயகம் என்கிறோமே. தவிர, கணக்குக் காட்டாதவரின் உறவினரும் நிற்கக் கூடாது என்று எழுதிய ஊர் அது!

அடி சரியான இடத்தில் விழுந்தது. 'முதல்' என்பதை நான் ஏற்கமாட்டேன். 'ஜனநாயகம்' என்பதில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். அந்தக் கணக்கு விதி தனியாகவே மூன்று நிமிடம் தாங்கும்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த விதி இருந்தால் நிற்க ஆளே இருக்காது. (ஓய்வுபெற்ற எழுத்தர்)

ஐயா, இது மாணவர்களின் நேரம். ஆனாலும் சிரித்துவிட்டேன்.

சுருக்கியும் ஆறு நிமிடம் வருகிறதே?

முதல் பதில்.

மணி அடித்த பிறகு ஒரே ஒரு வாக்கியம்?

கூடாது.

முழுவதையும் மனப்பாடம் செய்யலாமா?

முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும். முழுவதும் ஒப்பித்தால் நடுவில் ஒரு சொல் தொலைந்ததும் பின்னால் வருவதெல்லாம் தொலைந்துவிடும். வணக்கத்தை நீட்டாதீர்கள் என்பதையும் மறுபடி சொல்லிவைக்கிறேன்.

அம்மா, ஒத்திகையில் 2 நிமிடம் 50 விநாடி வந்தது. ஆனால் ஒரு கையில் மைக், ஒரு கையில் குறிப்பு. விரித்துக் காட்டக் கை இல்லை! (முதலில் கேட்ட மாணவி)

குறிப்பை மேசையில் வையுங்கள், மைக் இடக்கையில் இருக்கட்டும். கையை விரித்ததும் நான்கு விநாடி பேசாதீர்கள். அந்த நான்கையும் சேர்த்து இன்னொரு முறை கடிகாரம் பாருங்கள்.