மூன்றாவது ஆக்டெட்டில் நின்றுபோகும் ஒன்றுகள்: பைனரி சப்நெட் மாஸ்க்கைப் படிப்பது எப்படி?

கேள்வி: கணினியின் முகவரி 172.16.45.200. மாஸ்க்கை 11111111.11111111.11110000.00000000 என்று பைனரியில் கொடுத்து, நெட்வொர்க் முகவரி, ஹோஸ்ட் வரம்பு, பிராட்காஸ்ட் முகவரி மூன்றும் கேட்டிருந்தார்கள். கடைசி ஆக்டெட்டில் பிரிந்தால் எப்படியோ போட்டுவிடுவேன். மூன்றாவதில் பிரிந்தால் குழப்பம்தான். நெட்வொர்க் 172.16.45.0, பிராட்காஸ்ட் 172.16.45.255 என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார் ஆசிரியர். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் எழுதியது 255.255.255.0 என்ற மாஸ்க்குக்கான விடை. முகவரியில் இருக்கும் புள்ளியைப் பார்த்துப் பிரித்திருக்கிறீர்கள். எங்கே பிரிக்க வேண்டும் என்பதைச் சொல்வது மாஸ்க் மட்டும்தான். கணினிக்கு அந்தப் புள்ளிகளே கிடையாது. ஐபி முகவரி என்பது அதற்கு 32 பிட் நீளமுள்ள ஒரே எண். நாம் வாசிக்க வசதியாக அதை எட்டு எட்டு பிட்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சாதாரண எண்ணாக மாற்றி, நடுவில் புள்ளி வைக்கிறோம். கடைசி ஆக்டெட்டில் பிரியும் கணக்குகள் உங்களுக்குச் சரியாக வருவதற்குக் காரணம், அங்கே இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை என்பதுதான்.

சரி, மாஸ்க்கில் இருந்தே தொடங்குவோம். இடப்பக்கத்திலிருந்து ஒன்றுகளை எண்ணுங்கள். முதல் ஆக்டெட்டில் 8, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 4. மொத்தம் 20. இருபதாவது பிட் முடிந்ததும் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 172.16.45.200/20 என்று எழுதும்போது வரும் 20 இந்தக் கோடு விழும் இடம்தான். கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள பிட்டுகள் அந்த சப்நெட்டில் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். வலப்பக்கம் மீதமுள்ள 12 பிட்டுகள் கணினிக்குக் கணினி மாறும்.

அடுத்து முகவரியைப் பைனரியாக்க வேண்டும். நான்கு ஆக்டெட்டையும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். முதல் இரண்டின் கீழே முழுக்க ஒன்றுகள் இருப்பதால் 172.16 அப்படியே இறங்கிவிடும். நான்காவதின் கீழே முழுக்கப் பூஜ்யங்கள். அங்கே 200 இருந்தாலும் 3 இருந்தாலும் நெட்வொர்க் முகவரியில் 0, பிராட்காஸ்ட்டில் 255. தேர்வு அறையில் 200-ஐப் பைனரியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெட்டி வேலை. கோடு விழுந்த ஆக்டெட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். இங்கே அது 45.

ஓர் ஆக்டெட்டில் பிட்டுகளின் மதிப்பு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1. 45-க்குள் 128 அடங்காது, 64 அடங்காது, 32 அடங்கும், மீதி 13. 16 அடங்காது, 8 அடங்கும், மீதி 5. 4 அடங்கும், மீதி 1. 2 அடங்காது, 1 அடங்கும். ஆக 00101101. இதை மாஸ்க்கின் மூன்றாவது ஆக்டெட்டுக்கு மேலே வைத்து, கோட்டையும் போட்டுப் பாருங்கள்:

```
0010|1101    45   முகவரி
1111|0000   240   மாஸ்க்
0010|0000    32   நெட்வொர்க்
0010|1111    47   பிராட்காஸ்ட்
```

மூன்றாவது வரி எப்படி வந்தது? மாஸ்க்கில் 1 இருக்கும் இடத்தில் முகவரியின் பிட் அப்படியே நிற்கும். 0 இருக்கும் இடத்தில் அது அழிந்து பூஜ்யமாகிவிடும். புத்தகங்களில் பிட்வைஸ் ஆண்ட் என்று வருவது இதுதான். நான்காவது வரிக்குக் கோட்டுக்கு இடப்பக்கத்தைத் தொடாமல், வலப்பக்கம் முழுவதையும் ஒன்றாக மாற்றினேன். நான்காவது ஆக்டெட்டும் வலப்பக்கத்தைச் சேர்ந்ததுதானே, ஆகவே நெட்வொர்க் முகவரி 172.16.32.0, பிராட்காஸ்ட் முகவரி 172.16.47.255.

உங்கள் விடையில் 45 எங்கே வழுக்கியது என்பது இப்போது தெரியும். அந்த 45-இல் 32 மட்டும்தான் நெட்வொர்க்குக்குச் சொந்தம். மிச்சம் 13 ஹோஸ்ட் பகுதியில் இருக்கிறது. ஒரே ஆக்டெட், இரண்டு வேலை.

ஹோஸ்ட் வரம்பில்தான் இன்னொரு முறை தடுக்கி விழுவார்கள். நெட்வொர்க் முகவரியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, வரம்பை 172.16.32.1 முதல் 172.16.32.254 வரை என்று எழுதிவிடுவார்கள். நெட்வொர்க் முகவரிக்கு அடுத்தது முதல் ஹோஸ்ட், பிராட்காஸ்ட்டுக்கு முந்தையது கடைசி ஹோஸ்ட். எனவே வரம்பு 172.16.32.1 முதல் 172.16.47.254 வரை. இடையில் எண்ணிக்கை ஓடுவது பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி: 172.16.32.255-க்கு அடுத்து கடைசிச் சக்கரம் 0-க்குத் திரும்பி, பக்கத்துச் சக்கரம் ஒன்று நகர்ந்து 172.16.33.0 ஆகிறது.

அப்படியானால் 172.16.33.0 ஒரு கணினிக்குக் கொடுக்கக்கூடிய முகவரியா? ஆம். 172.16.40.255 கூடத்தான். பூஜ்யத்தில் முடிந்தால் நெட்வொர்க், 255-இல் முடிந்தால் பிராட்காஸ்ட் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஹோஸ்ட் பகுதியின் 12 பிட்டும் பூஜ்யமாக இருந்தால்தான் அது நெட்வொர்க் முகவரி. 33.0-இல் அந்த 12 பிட் 0001 00000000. நடுவில் ஒரு 1 இருக்கிறது. 40.255-இல் 1000 11111111. பூஜ்யங்கள் இருக்கின்றன, அதனால் பிராட்காஸ்ட் இல்லை. இருந்தாலும் நடைமுறையில் இப்படிப்பட்ட முகவரிகளைச் சர்வருக்கோ பிரிண்டருக்கோ வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கணினி ஏற்றுக்கொண்டாலும், அடுத்து வரும் நிர்வாகி பார்த்துவிட்டுத் தப்பென்று நினைத்து மாற்றிவிடுவார்.

விடையைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 256-இல் இருந்து மாஸ்க்கின் அந்த ஆக்டெட் மதிப்பைக் கழியுங்கள்: 256 − 240 = 16. மூன்றாவது ஆக்டெட்டில் நெட்வொர்க்குகள் 0, 16, 32, 48 என்று பதினாறு பதினாறாகத் தொடங்கும். 45 விழுவது 32-க்கும் 48-க்கும் நடுவில். அடுத்த நெட்வொர்க் 172.16.48.0, அதற்கு ஒன்று குறைவு 172.16.47.255. பொருந்துகிறது. எண்ணிக்கையும் பொருந்த வேண்டும்: 12 பிட்டுக்கு 4096 முகவரிகள், 32 முதல் 47 வரை 16 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 256, அதுவும் 4096. நெட்வொர்க்கும் பிராட்காஸ்ட்டும் போக 4094 ஹோஸ்ட்டுகள்.

தேர்வில் மதிப்பெண் போவதோடு முடிந்துவிடும். வேலையில் இதே தவறு நடந்தால் என்ன தெரியும் என்று பாருங்கள். எல்லாக் கணினிக்கும் /20 இருக்க, கேட்வே 172.16.32.1-இல் இருக்க, உங்கள் லினக்ஸ் கணினியில் மட்டும் யாரோ 255.255.255.0 போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணினிக்கு 172.16.45.0 முதல் 45.255 வரைதான் சொந்த நெட்வொர்க். 172.16.45.60-க்குப் பிங் போகும், பதிலும் வரும். 172.16.33.10 அதே சுவிட்சில் இருந்தாலும் வெளியூர் என்று கருதி கேட்வேயைத் தேடும். கேட்வேயும் அதன் கணக்கில் வெளியே இருப்பதால் அந்த ரூட்டை லினக்ஸ் ஏற்கவே ஏற்காது. பிங் செய்தால் `Network is unreachable` என்று வரும். விண்டோஸில் முகவரியைக் கையால் கொடுத்தால், கேட்வே அதே சப்நெட்டில் இல்லை என்று எச்சரிக்கும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். சில முகவரிகளுக்கு மட்டும் பிங் போய், அவை எல்லாம் ஒரே மூன்றாவது ஆக்டெட்டில் இருந்தால், கேபிளைச் சந்தேகப்படும் முன் மாஸ்க்கைப் பாருங்கள்.

கேட்வே 172.16.45.1 ஆக இருந்தால் இதைவிட மோசம், ஏனென்றால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். பக்கத்துக் கணினிக்குப் போக வேண்டியதும் ரூட்டர் வரை போய்த் திரும்பும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் கணினி பிராட்காஸ்ட்டை 172.16.45.255-க்கு அனுப்பும். மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு கணினியின் முகவரி. தங்களுக்கு வந்ததில்லை என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். பிராட்காஸ்ட் அனுப்பிச் சாதனங்களைத் தேடும் மென்பொருளில் மட்டும் மற்றவர்கள் காணாமல் போவார்கள்.

போட்ட கணக்கைக் கணினியிலேயே சரிபார்க்கலாம். லினக்ஸில் `ip addr` கொடுத்தால் இப்படி ஒரு வரி வரும்:

```
inet 172.16.45.200/20 brd 172.16.47.255 scope global eth0
```

இதில் `brd` என்பதற்கு அடுத்து வருவது பிராட்காஸ்ட். மேக்கில் `ifconfig` மாஸ்க்கை `0xfffff000` என்று காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு f-உம் நான்கு ஒன்றுகள், ஒவ்வொரு 0-உம் நான்கு பூஜ்யங்கள். ஐந்து f, அதாவது 20. நெட்வொர்க், முதல் ஹோஸ்ட், கடைசி ஹோஸ்ட், பிராட்காஸ்ட் நான்கும் ஒரே வரியில் வேண்டுமென்றால் பைத்தான் இருக்கிறது:

```
import ipaddress
n = ipaddress.ip_network("172.16.45.200/20", strict=False)
print(n[0], n[1], n[-2], n[-1])
```

`strict=False` இல்லாவிட்டால், ஹோஸ்ட் பிட்டுகள் பூஜ்யமாக இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

கேள்வித்தாளில் வரும் மாஸ்க்கில் ஒன்றுகளுக்கு நடுவே ஒரு 0 தெரிந்தால், அநேகமாக அச்சுப் பிழை. இன்றைய மாஸ்க்கில் ஒன்றுகள் எல்லாம் முதலில் தொடர்ச்சியாக வந்து, அப்புறம் பூஜ்யங்கள்தான். அதனால் ஓர் ஆக்டெட்டின் மதிப்பு 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 ஆகிய ஒன்பதில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். 31 ஒன்றுகள் வந்தால் இரண்டைக் கழிக்கும் விதியை விட்டுவிடுங்கள்: இரண்டு ரூட்டர்களை நேரடியாக இணைக்கும் இடத்தில், 2000-இல் வந்த RFC 3021-இன்படி இரண்டு முகவரிகளையும் ஹோஸ்ட்டுக்கே கொடுக்கலாம். அங்கே பிராட்காஸ்ட் முகவரி இல்லை.

கை பழக இன்னொன்று. முகவரி 10.9.102.14, மாஸ்க் 11111111.11111111.11111100.00000000. கோடு 22-ஆம் பிட்டுக்குப் பின். 102 என்பது 011001|10. இடப்பக்கம் மட்டும் நின்றால் 100, வலப்பக்கம் ஒன்றாக்கினால் 103. நெட்வொர்க் 10.9.100.0, பிராட்காஸ்ட் 10.9.103.255, ஹோஸ்ட்டுகள் 10.9.100.1 முதல் 10.9.103.254 வரை.