PR 82%: மகள் எடுத்தது 82 புள்ளியா?

கேள்வி: சேர், மகள் திருகோணமலையில் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறாள். ரியூட்டரியில் வைத்த இணைந்த கணித மாதிரிப் பரீட்சையின் பெறுபேற்றுத் துண்டில் "PR 82%", "Rank 42/240" என்று இருக்கிறது. 82 புள்ளி, ஏ வந்துவிட்டது என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். விடைத்தாளில் முதலாம் தாளுக்கு 520, இரண்டாம் தாளுக்கு 420 என்று போட்டிருக்கிறது. துண்டு பிழையா, மகள் விளங்கியது பிழையா?
உப்புவெளியிலிருந்து ஒரு தகப்பன்

பதில்: துண்டில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. மகள் அதை வாசித்த விதத்தில்தான் பிழை. என் சொல்லை நம்பி அப்படியே பிள்ளையிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஒரு கல்குலேட்டரை எடுத்து அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கைச் செய்து பாருங்கள். அவளே கண்டுபிடித்தால்தான் மனம் ஏற்கும்.

முதலில் விடைத்தாளை எடுங்கள். இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு தாளுக்கும் 1000 புள்ளி. பகுதி A-யில் 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 25. பகுதி B-யில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 150. இரண்டு தாளையும் கூட்டி 20ஆல் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்பது வரும். 520உம் 420உம் சேர்ந்து 940. 20ஆல் வகுக்க 47. மகள் எடுத்த புள்ளி 47 சதவீதம். இந்தக் கணக்கில் மற்றப் பிள்ளைகள் யாரும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 240 பேர் எழுதினாலும் அவள் தனியே எழுதினாலும் அது 47தான்.

இனித் துண்டைப் பாருங்கள். PR என்பது சதமணை நிலை. எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் மகளுக்குக் கீழே நிற்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண் அது. அதைக் கணிக்க 47 என்ற புள்ளியே தேவையில்லை. எத்தனை பேர் எழுதினார்கள், அவளுக்குக் கீழே எத்தனை பேர் என்ற இரண்டும் போதும். துண்டில் 42/240 இருப்பது நல்லதாய்ப் போயிற்று.

அவள் 42ஆவது என்றால் அவளுக்கு மேலே 41 பேர். மிச்சம் 199 பேரில் அவளும் ஒருத்தி, ஆகவே கீழே 198 பேர் என்று தோன்றும். ரியூட்டரிகளில் இதைப் பெரும்பாலும் எக்செலில்தான் செய்வார்கள். அங்கே போடும் சூத்திரம் இது:

```
=PERCENTRANK.INC(B$2:B$241,B2)
```

B நிரலில் 240 பேரின் புள்ளிகள் இருக்கும். இந்தச் சூத்திரம் ஒருவருக்குக் கீழே உள்ளவர்களை எண்ணி, அவரைத் தவிர்த்த மற்ற எல்லோருடைய எண்ணிக்கையால் வகுக்கும். 198ஐ 239ஆல் வகுத்தால் 0.828, அதாவது 83%. துண்டில் 82% இருக்கிறதே என்று உடனே ரியூட்டரிக்குப் போன் எடுத்துவிடாதீர்கள். 47 புள்ளி எடுத்தது உங்கள் மகள் மட்டும்தானா என்று முதலில் விசாரியுங்கள். சம புள்ளி எடுத்த எல்லோருக்கும் 42 என்ற ஒரே இடத்தைத்தான் கொடுப்பார்கள். அவளோடு சேர்த்து 4 பேர் 47 எடுத்திருந்தால் உண்மையில் கீழே இருப்பது 195 பேர். 195ஐ 239ஆல் வகுத்தால் 0.8159 வரும். எக்செல் மூன்று தசம தானத்தோடு வெட்டி 0.815 என்று வைத்துக்கொள்ளும், திரையில் 82% என்று காட்டும். நான் எல்லா வாய்ப்பையும் போட்டுப் பார்த்தேன். 47 எடுத்தவர்கள் மகளோடு சேர்த்து 2 பேரோ 3 பேரோ 4 பேரோ என்றால் 82%தான் வரும். விளம்பரப் பலகையில் முழுப் பட்டியலும் ஒட்டியிருந்தால் எண்ணிப் பாருங்கள், பொருந்தும்.

வேறு முறையில் கணித்தால் ஒன்று கூடக் குறைய வரும். கீழே உள்ளவர்களை நேரே 240ஆல் வகுப்பவர்களும் உண்டு, சம புள்ளிக்காரரில் அரைவாசியைக் கீழே சேர்த்து எண்ணுபவர்களும் உண்டு. அதே 4 பேர் சம புள்ளி என்று வைத்தால் முதலாவது முறையில் 81.25, இரண்டாவதில் 82.08. இந்த வித்தியாசத்தைப் பிழையென்று எடுக்க வேண்டாம். உங்கள் கணக்கில் 60, 70 என்று வந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது பட்டியலில் நிரை மாறி, வேறொரு பிள்ளையின் எண் துண்டுக்கு வந்திருக்கலாம்.

இந்தக் குழப்பத்தில் பாதிப் பொறுப்பு அந்த % குறிக்கு இருக்கிறது. சூத்திரம் தருவது 0.815 போன்ற ஒரு தசமம். அதை அழகாகக் காட்ட மேலே இருக்கிற % பொத்தானை அழுத்துவார்கள், 82% ஆகிவிடும். நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாதிரிப் பரீட்சைக்குப் பட்டியல் தயாரித்தபோது அந்த நிரலை அப்படியே அச்சிட்டுக் கொடுத்தேன். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பையன் 91% என்று வீட்டில் சொல்லியிருந்தான். விடைத்தாள் கையில் கிடைத்தபோது 58. திருத்தியவர் தன் புள்ளியை வெட்டிவிட்டார் என்று தாளைப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. திருத்தியவரில் ஒரு பிழையும் இல்லை. அன்றிலிருந்து நான் சதமணையை % இல்லாமல் வெறும் எண்ணாக, இடத்துக்குப் பக்கத்து நிரலில்தான் போடுகிறேன்.

துண்டில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று இல்லாவிட்டாலும், போட்டிருக்கிற எண் புள்ளியா சதமணையா என்று கண்டுபிடிக்க வழியுண்டு. முதலாவதாக வந்த பிள்ளையின் எண்ணைப் பாருங்கள். அந்தச் சூத்திரத்தில் முதலிடத்தில் ஒருவரே நின்றால் அவருக்கு எப்போதும் 100% வரும், அந்தப் பிள்ளை எடுத்தது 88 புள்ளியாக இருந்தாலும். இணைந்த கணிதத்தில் ஒருவர் 2000க்கு 2000 எடுத்தார் என்று ஒரு பட்டியல் சொன்னால் அது புள்ளி நிரலா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பட்டியலின் நடுவில், 120ஆவது இடத்தை அண்டி நிற்கிற பிள்ளையையும் பாருங்கள். அவருக்கு 50 என்று இருந்தால் அது பெரும்பாலும் சதமணையாகத்தான் இருக்கும். வினாத்தாள் லேசாக இருந்தாலும் கடினமாக இருந்தாலும் சதமணையில் நடு என்பது 50தான். புள்ளியில் நடு எங்கேயும் விழலாம்.

மகளுக்கு விளக்க நான் ஒரு படத்தைத்தான் சொல்வேன். சாதாரண தரத்தில் திரள் மீடிறன் வளையி வரைந்து காலணை கண்டிருப்பாள். கிடை அச்சில் புள்ளி, நிலைக்குத்து அச்சில் அந்தப் புள்ளிக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது. கிடை அச்சில் 47இல் பென்சிலை வைத்து மேலே போய் வளையியைத் தொட்டு, இடப்பக்கம் திரும்பினால் ஏறத்தாழ 82 வீதம் பேர் என்று வரும். அவள் செய்தது, நிலைக்குத்து அச்சில் கிடந்த எண்ணைக் கிடை அச்சின் எண்ணாக வாசித்தது. மூன்றாம் காலணை 75ஆம் சதமணை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தால், தான் அதற்கும் சற்று மேலே நிற்பதும் விளங்கும். அது நல்ல இடம். ஆனால் ஏ அல்ல.

அதே வளையி இன்னொன்றையும் காட்டும். நடுவில் அது செங்குத்தாக ஏறும், ஏனென்றால் பிள்ளைகள் அங்கேதான் நெருக்கமாக நிற்பார்கள். அங்கே 5 புள்ளி கூட எடுத்தாலே 20 பேரைத் தாண்டலாம். உச்சியில் வளையி படுத்துவிடும், 10 புள்ளி கூட எடுத்தாலும் இரண்டு மூன்று பேரைத்தான் தாண்டலாம். ஆகவே 82இலிருந்து ஏ-க்கு வேண்டிய 75 புள்ளியைக் கழித்து "ஏ-க்கு மேல் 7 மிச்சம்" என்று கணக்குப் போடவே முடியாது. புள்ளியில் பார்த்தால் 75க்கு 2000இல் 1500 வேண்டும். அவளிடம் இருப்பது 940. இன்னும் 560 தேவை, பகுதி B-யில் ஏறத்தாழ நான்கு வினா அளவு. 420 எடுத்த இரண்டாம் தாளில்தான் கூட விட்டிருக்கிறாள். பிரயோக கணிதத்தில் எந்தெந்த வினாவைத் தொடாமலே விட்டாள் என்று விடைத்தாளைப் புரட்டிப் பாருங்கள்.

அவளுக்கு உண்மையில் விளங்கியதா என்று தெரிய ஒரு கேள்வி கேளுங்கள்: "பரீட்சை எழுதிய 240 பேருக்கும் 10 புள்ளி இனாமாகக் கொடுத்தால் உன்னுடைய 82 எத்தனையாகும்?" 92 என்றால் இன்னும் புள்ளியாகத்தான் நினைக்கிறாள். 82 மாறாது, 47தான் 57 ஆகும் என்று சொன்னால் பிடித்துவிட்டாள். வேண்டுமென்றால் இதையும் கேளுங்கள்: அடுத்த பரீட்சையில் 52 புள்ளியும் PR 74உம் வந்தால் முன்னேற்றமா, பின்னடைவா? தாள் லேசாக இருந்து மற்றவர்கள் இன்னும் கூட எடுத்திருந்தால் அப்படி வரலாம். அவளுடைய புள்ளி கூடியிருக்கும், இடம் இறங்கியிருக்கும். இரண்டையும் ஒரே எண்ணாக நினைக்கிற பிள்ளை இந்த இடத்தில் தடுமாறும்.

சிலர் இந்த PR-ஐ எடுத்து இசட் புள்ளியாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அதைச் செய்யாதீர்கள். பெறுபேறு வரும்போது பரீட்சைத் திணைக்களம் தருவது பாடத் தரங்களும் இசட் புள்ளியும் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும். சதமணை அதில் இல்லை. இசட் புள்ளி அந்தப் பாடத்துக்கு நாடு முழுக்கத் தோற்றியவர்களின் சராசரியையும் நியம விலகலையும் வைத்து மூன்று பாடத்துக்கும் கணித்து எடுப்பது. உங்கள் மகளின் 82, அன்று அந்த மண்டபத்தில் இருந்த 240 பேருக்குள் மட்டும் செல்லும். வேறொரு ரியூட்டரியில் நகரத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் கூடி எழுதியிருந்தால் அதே 47 புள்ளிக்கு PR 30 வந்திருக்கலாம்.

ரியூட்டரிக்குப் போகும்போது ஒன்று கேட்டு வாருங்கள்: அடுத்த துண்டில் 47/100 என்று புள்ளியை முதலில் போட்டு, அதற்குப் பிறகு 42/240 என்று இடத்தைப் போடச் சொல்லுங்கள். PR-உம் வேண்டுமென்றால் % குறியை எடுத்துவிட்டு, "உங்களுக்குக் கீழே நூற்றுக்கு 82 பேர்" என்று ஒரு வரியில் எழுதலாம். எக்செலில் அந்த நிரலின் தலைப்பை மாற்ற ஒரு நிமிடம் போதும்.