போனைச் சிங்களத்துக்கு மாற்றிவிட்டுத் தவிக்கிறவருக்கு

"கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறேன். சிங்களம் பழக என்று போனை மாற்றினேன், ஒன்றுமே விளங்கவில்லை. இரண்டு நாளில் திரும்ப மாற்றிவிட்டேன்."

முழுப் போனையும் மாற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், மொழி அமைப்பிலேயே பல செயலிகளுக்குத் தனித்தனி மொழி வைக்கலாம். யூடியூப்பை மட்டும் සිංහල ஆக்குங்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று கைக்கே தெரியும் என்பதால் சொல் தானாக ஒட்டும். வங்கிச் செயலியைத் தொடாதீர்கள்.

ஆனால் போனில் இருப்பது எழுத்துச் சிங்களம். தேடு என்பதற்குத் திரையில் සොයන්න (சொயன்ன) என்று வரும், கடைக்கு வருகிறவர் 'ஹொயன்ன' என்பார். எனக்கு இது பிடிபடவே கனநாள் எடுத்தது.

பேச்சுக்கு வீட்டு ஒட்டுச்சீட்டுதான் சரி. வெறும் பெயரை எழுதாமல், வாயில் வருகிற வசனமாக எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் 'தொர வஹன்ன' (கதவை மூடுங்கள்), சுவிட்சுக்குப் பக்கத்தில் லைட்டை அணையுங்கள் என்பதற்கு 'லைட் எக்க நிவன்ன'. தொடும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லுங்கள். சீட்டில் சிங்கள எழுத்தே இருக்கட்டும். தமிழில் 'தொர' என்று எழுதினால் முதல் எழுத்தைத் 'தலை'யில் வருகிற த போல வாசித்துவிடுவீர்கள். அது 'பந்து' என்பதில் வருகிற த ஒலி. ஐந்து சீட்டுப் போதும், பார்க்காமல் வாயில் வந்ததும் கழற்றிவிடுங்கள்.