மருமகன் என்ற ஒரு சொல்லுக்கு எழுதிய குறிப்பு

அன்புள்ள அக்கா,

கல்முனையிலிருந்து எழுதுகிறேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை தொடங்கி இரண்டு வருடமாகிறது. திருக்கோவில் பக்கத்துக் காணி ஒன்றின் 1957ஆம் ஆண்டு நன்கொடை உறுதியை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தேன். லண்டனில் இருக்கும் பேரன் தன் சட்டத்தரணிக்குக் கொடுப்பதற்காகக் கேட்டது. கையெழுத்துப் பிரதி, மடிப்பில் தேய்ந்திருக்கிறது. எனக்கு ஐயமான இடங்களையும் நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் மூன்று பக்கக் குறிப்பாக எழுதி முன்னால் வைத்தேன். பேரன், ‘இதை எடுத்துவிட்டுச் சுத்தமாகத் தாருங்கள், இவ்வளவு சந்தேகம் என்றால் சட்டத்தரணி எப்படி நம்புவார்’ என்கிறார். எடுத்துவிடுவதா? இல்லையென்றால் எப்படித்தான் எழுதுவது? குறிப்பின் பிரதியையும் உறுதியின் நகலையும் பெயர்களை மறைத்து இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

குறிப்பை எடுக்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற மாதிரி வைக்கவும் வேண்டாம். மூன்று பக்கத்தையும் இரண்டு முறை வாசித்தேன். முதல் பக்கம் முழுவதும் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எந்த எழுத்துக் கூட்டலில் எழுதினீர்கள் என்பதுதான். இரண்டாம் பக்கத்தில் நொத்தாரிசின் நீண்ட வாக்கியங்களை ஏன் முறித்தீர்கள் என்று விளக்கியிருக்கிறீர்கள். அதன் அடியில், ஒரேயொரு வரியில், ‘மருமகன் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு’ என்று இருக்கிறது. அந்த வரியில்தான் உறுதியின் உயிர் இருக்கிறது. பேரன் அதுவரை வாசித்திருக்கவே மாட்டார்.

நீங்கள் பட்ட சிரமத்தின் வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். வாசிப்பவருக்கு எது பெரிய விளைவைத் தருமோ அது முதலில் வரவேண்டும். ஊர்ப்பெயரை எந்த எழுத்தில் எழுதினாலும் காணி கைமாறாது. மருமகனை யாரென்று எழுதுகிறோம் என்பதில் குடும்ப வரலாறே மாறும்.

உறுதியில், ‘என்னையும் என் மனைவியையும் பராமரித்து வருகிற என் மருமகனுக்கு’ என்று இருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் ஓர் ஆண். நம் பக்கத்தில் ஆணொருவருக்கு மருமகன் என்றால் மகளின் கணவனாக இருக்கலாம். சகோதரியின் மகனாக இருக்கலாம். மனைவியின் சகோதரனின் மகனாகவும் இருக்கலாம். சகோதரியின் மகனே மகளைக் கட்டியிருந்தால் ஒரே ஆள் இரண்டுமாக இருப்பான். அது அந்தக் காலத்தில் அபூர்வமும் அல்ல. ஆங்கிலமோ நம்மை ஒரு பக்கம் தள்ளுகிறது: ‘சன் இன் லோ’ என்று எழுதினால் திருமணத்தால் வந்த உறவு, ‘நெவ்யூ’ என்று எழுதினால் பெரும்பாலும் இரத்த உறவு. லண்டனில் வாசிக்கிறவருக்கு இவை இரண்டு வெவ்வேறு மனிதர்கள்.

நீங்கள் ‘சன் இன் லோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘பராமரித்து வருகிற’ என்ற சொல்லைப் பார்த்து, பெண் வீட்டில் வந்து இருந்த மாப்பிள்ளை என்று நினைத்திருப்பீர்கள். நானும் ஒருமுறை அப்படியே நினைத்தேன். ஏறாவூர்ப் பற்றிலிருந்து வந்த ஓர் உறுதியில், குறிப்பு எதுவும் வைக்காமல், அந்த ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு பிறப்புச் சான்றிதழ்கள் வந்தன. அவர் சகோதரியின் மகன். மொழிபெயர்ப்பும் சான்றிதழும் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால், அந்தக் குடும்பம் பொய் ஆவணம் வைத்திருப்பதாக எதிர்த்தரப்பு சொல்லிற்று. நான் திருத்தப் பிரதியும் சத்தியக் கடதாசியும் கொடுத்தேன். ஆனாலும் அந்த வயதான அம்மா என் மேசைக்கு முன்னால் இருந்து, ‘நாங்கள் பொய் சொல்லவில்லையே பிள்ளை’ என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கண்டால் நான் தீர்மானிப்பதில்லை. மூலச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்து, பக்கத்தில் சதுர அடைப்பில் இரண்டு பொருளையும் தருவேன்.

சதுர அடைப்பு ஏன் முக்கியம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பேரனின் கேள்விக்கும் அதுதான் பதில். முகப்புக் குறிப்பு தனித்தாள். அதைக் கழற்றி வைத்துவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் சட்டத்தரணியிடம் கொடுக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். உங்கள் முத்திரையும் கையெழுத்தும் மொழிபெயர்ப்பின் அடியில்தான் இருக்கின்றன, குறிப்பில் அல்ல. ஆகவே, குறிப்பு தொலைந்துபோனாலும் வாசிப்பவர் ஏமாறாதபடி, ஐயம் உள்ள இடம் மொழிபெயர்ப்புக்குள்ளேயே அடையாளத்தோடு நிற்கவேண்டும். அடைப்பில் சுருக்கமாக, குறிப்பில் விரிவாக. ‘உண்மையானதும் சரியானதுமான மொழிபெயர்ப்பு’ என்று ஒப்பமிட்டுவிட்டு, தனித்தாளில் மட்டும் ‘இந்த இடம் நிச்சயமில்லை’ என்று சொல்வது நேர்மையான வேலை அல்ல.

இனி மடிப்பு. உறுதியின் இரண்டாம் பக்கத்தில், கொடுப்பவருக்குக் காணி எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில், 1938ஆம் ஆண்டின் முன் உறுதியின் இலக்கம் வருகிறது. முதலாவது எண் 1, கடைசி இரண்டும் 17, நடுவில் உள்ளது மடிப்பில். நீங்கள் 1317 என்று எழுதிவிட்டு, குறிப்பில் ‘தெளிவில்லை’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். தெளிவில்லை என்று சொன்னால் போதாது. நகலை நான் பெருக்கிப் பார்த்தேன். இதே கையெழுத்தில் மற்ற இடங்களில் வரும் 3 எல்லாம் மேலே தட்டையான கோட்டோடு தொடங்குகின்றன. மடிப்பில் உள்ள எண்ணுக்கு மேல்பகுதி வளைந்திருக்கிறது, இடது ஓரம் தேய்ந்திருக்கிறது. 8 ஆக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் வாசிப்பு, ஆனால் நகலைப் பார்த்துச் சொல்வது அது. நீங்கள் மூலத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அப்படிப் பார்த்த பிறகும் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், மொழிபெயர்ப்பில் ‘1[8 அல்லது 3]17’ என்றே இருக்கட்டும்.

இதில் நமக்கு நல்ல காலம் ஒன்று உண்டு. இந்த ஐயத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. நம் நாட்டில் நொத்தாரிசு ஓர் உறுதியை முடித்தால், மூலம் உரியவரிடம் போகும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொன்று நொத்தாரிசிடமே இருக்கும். பேரன் வைத்திருக்கும் மூலம் மடிந்து தேய்ந்தாலும் பதிவகத்தில் இருக்கும் பிரதி அந்த இடத்தில் தேய்ந்திருக்க வேண்டியதில்லை. உறுதிப்படுத்திய பிரதி ஒன்றுக்கு விண்ணப்பித்தால் எண் தெரிந்துவிடும். குறிப்பில் இதைச் சொல்வதுதான் நீங்கள் அவருக்குச் செய்யும் பெரிய உதவி. சந்தேகத்தை அவர் மடியில் போட்டுவிட்டுப் போகாமல், எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று காட்டுகிறீர்கள்.

மூன்றாவது ஒன்று, நீங்கள் குறிப்பில் தொடாதது. உறுதி காணியை மட்டக்களப்பு மாவட்டம் என்கிறது. திருக்கோவில் இன்று அம்பாறை மாவட்டம். அம்பாறை 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நமக்கு இது தெரிந்த விடயம். லண்டன் சட்டத்தரணிக்குத் தெரியாது. கிராம உத்தியோகத்தரின் கடிதத்தில் அம்பாறை என்றும் உறுதியில் மட்டக்களப்பு என்றும் கண்டால், இரண்டும் ஒரே காணியா என்று அவர் கேட்பார். மொழிபெயர்ப்பில் ‘அம்பாறை’ என்று மாற்றிவிடாதீர்கள். மூலத்தில் உள்ளது உள்ளபடி நிற்கட்டும். குறிப்பில் ஒரு வாக்கியம் போதும்.

அவணத்துக்கும் அப்படியே ஒரு வாக்கியம். ‘இரண்டு அவணம் விதைப்புத் தரை’ என்பதை ஏக்கரில் மாற்றாமல் விட்டது சரி. ஓர் அவணம் விதைநெல் விதைக்கக்கூடிய தரை என்பதுதான் அதன் பொருள். வயலுக்கு வயல், ஊருக்கு ஊர் பரப்பு வேறுபடும். பேரன் ஏக்கர் கேட்டால், அது நில அளவையாளர் அளந்து சொல்லவேண்டியது, நாம் பெருக்கிச் சொல்லக்கூடியதல்ல.

ஆகவே உங்கள் மூன்று பக்கம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், ஆனால் தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்:

‘இந்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவதற்கு முன் உங்கள் முடிவு தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று: பக்கம் 1, வரி 9. மூலத்தில் மருமகன் என்று உள்ளது. இது மகளின் கணவனையோ, சகோதரியின் மகன் அல்லது மனைவியின் சகோதரனின் மகனையோ குறிக்கும். உறுதியில் வேறு எங்கும் உறவு விளக்கப்படவில்லை, ஆகவே இரு பொருளையும் அடைப்பில் தந்துள்ளேன். திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ்கள் இதைத் தீர்க்கும். இரண்டு: பக்கம் 2, வரி 4. முன் உறுதியின் இலக்கத்தில் இரண்டாவது எண் மடிப்பில் தேய்ந்துள்ளது. 8 ஆக இருக்கலாம் என்பது என் வாசிப்பு. 3 ஆகவும் இருக்கலாம். காணிப் பதிவகத்திலுள்ள பிரதி இதைத் தீர்க்கும். கீழ்வருவன உங்கள் தகவலுக்கு மட்டும்...’

அதன் கீழே மாவட்டம், அவணம், கடைசியில் ஊர்ப்பெயர்களின் எழுத்துக் கூட்டலுக்கு ஒரு வரி. நீண்ட வாக்கியங்களை முறித்தது பற்றி ஒன்றும் வேண்டாம். அது உங்கள் தொழில், அவருக்கு அதில் செய்ய எதுவுமில்லை.

ஓர் எச்சரிக்கை. பேரனோடு தொலைபேசியில் பேசும்போது, ‘அந்த மருமகன் தாத்தாவின் மகளைத்தான் கட்டியிருந்தார், அப்படியே போடுங்கள்’ என்று சொல்லக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது உறுதியில் இல்லை. மொழிபெயர்ப்புக்குள் அதைச் சேர்க்காதீர்கள். விரும்பினால் குறிப்பில், ‘வாடிக்கையாளர் தெரிவித்தபடி’ என்று சேர்க்கலாம். எந்தப் பொருள் வழக்குக்குச் சாதகம் என்று அவர் விளக்கத் தொடங்கினால், மரியாதையாக நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு அந்தச் சொல்லை வெறும் சொல்லாகப் பார்ப்பது கடினம். அதேபோல, இந்த உறுதி செல்லுமா, காணி யாருக்கு என்றெல்லாம் நீங்களும் குறிப்பில் ஒரு சொல் எழுதக்கூடாது. அது சட்டத்தரணியின் வேலை.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அடைப்புகளை எடுக்க முடியாது, குறிப்பு ஒரு பக்கமாகிவிட்டது, அந்த இரண்டு இடத்துக்கும் சான்று வந்தால் நான் மறுபடி பார்க்கிறேன். பதிவகத்திலிருந்து பிரதி வந்து எண் 8 என்று தெரிந்தால், பழைய பிரதியில் பேனாவால் திருத்த வேண்டாம். புதிய பிரதி எடுத்து, எந்த ஆவணத்தைப் பார்த்துத் திருத்தினீர்கள் என்று அடியில் குறித்து, அன்றைய திகதியோடு மறுபடி ஒப்பமிடுங்கள். பழையதில் ஒரு நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும். மருமகனுக்குச் சான்று வந்தாலும் அடைப்பு அப்படியே இருக்கும், ஏனென்றால் உறுதியில் இருப்பது இன்னும் அந்த ஒரு சொல்தான். சான்று குறிப்புக்குப் போகும்.

அன்புடன்,
அக்கா
மட்டக்களப்பு