9 யுவானா, 10 யுவானா: எந்தக் கொட்டேஷன் மலிவு?

கேள்வி: கேக் செய்யும் சிலிகான் அச்சு 200 வாங்க இரண்டு சீன சப்ளையரிடம் கேட்டேன். ஒருவர் 9 யுவான், இன்னொருவர் 10 யுவான். 9 சொன்னவரின் சாட்டை மொழிபெயர்த்தால் "குறைந்தது 2 துண்டு, எடை 22 பவுண்டு, 30% வைப்பு" என்று வருகிறது. இவரிடமே வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் போடாதீர்கள். முதலில் அந்தச் சாட்டின் சீன மூலத்தைத் திறந்து பாருங்கள். "துண்டு" என்று வந்த இடத்தில் 件 இருந்தால், மொத்த வியாபாரத்தில் அது பெரும்பாலும் ஒரு முழு அட்டைப்பெட்டியைக் குறிக்கும், அதனால் ஒரு பெட்டியில் எத்தனை அச்சு என்று கேட்டே ஆக வேண்டும். எடைக்குப் பக்கத்தில் 斤 இருந்தால் அது அரை கிலோ, ஆக 22 என்பது 11 கிலோ. கிலோ என்றால் 公斤 என்று எழுதுவார்கள்.

ஆனால் கூரியர்காரர் அந்த 11 கிலோவுக்கு மட்டும் காசு வாங்க மாட்டார். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவது, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் போடுவார். சிலிகான் அச்சை ஒவ்வொன்றாக அழகான டப்பாவில் போட்டால் பெட்டி முழுக்கக் காற்றுதான்.

பெட்டிக்கு 100 அச்சு, கூரியர் கிலோவுக்கு 45 யுவான் என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம். 9 யுவான்காரரின் பெட்டி 60×50×40 என்றால் 24 கிலோ கணக்கு, இரண்டு பெட்டிக்கு 48 கிலோ, கூரியர் மட்டும் 2160 யுவான். சரக்கு விலை 1800-ஐச் சேர்த்தால் 3960. மற்றவர் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி பாலிதீன் பையில் போட்டு 50×40×30 பெட்டியில் அனுப்புகிறார், அளவுக் கணக்கு 12 கிலோ, நிஜ எடை அதைவிட அதிகமாக 13 கிலோ என்றால் இரண்டுக்கும் 26 கிலோ, 1170 யுவான். சரக்கு 2000, மொத்தம் 3170. அச்சு ஒன்றுக்கு 19.80 எங்கே, 15.85 எங்கே! சுங்க வரி இதற்கு மேல் தனி.

அப்புறம் அந்த 30%. மூலத்தில் 定金 என்றிருந்தால், அதில் மொத்த விலையின் 20% வரையிலான தொகையை, நீங்கள் பின்வாங்கினால் திருப்பிக் கேட்க முடியாத முன்பணம் என்று சீனச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 订金 என்றால் சாதாரண அட்வான்ஸ். உச்சரிப்பு ஒன்றேதான், அதனால் போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் வாங்குங்கள். மீதிப் பணத்தை, கட்டிய பெட்டியைத் தராசில் வைத்து டேப்பால் அளந்த படம் வந்த பிறகே அனுப்புங்கள்.

9 யுவான்காரரிடம் ஒன்று கேளுங்கள்: டப்பா இல்லாமல் அடுக்கித் தந்தால் பெட்டி அளவு என்ன? அவரும் 50×40×30-க்கு வந்தால் பெட்டிக்கு 12 கிலோதான் கணக்கு, மொத்தம் 2880 யுவான். அப்படியானால் அவரிடமே வாங்குங்கள்.