அவர் பெயரை எழுதும் முன்

அன்புள்ள ஐயா,

கணக்கு மென்பொருள் விற்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண், வங்கிக் கணக்கைக் கையாலேயே சரிபார்ப்பதால் மாதக் கடைசியில் நான்கு நாள் போய்விடுகிறது என்றார். "எங்கள் நிதி மேலாளருக்கு எழுதிப் பாருங்கள்" என்றும் சொன்னார். மின்னஞ்சல் தலைப்பில் என்ன போடுவது? அவருக்கும் நகல் அனுப்பலாமா?

ம.

அன்புள்ள ம.,

தலைப்பில் அந்தப் பெண்ணின் பெயரும் விஷயமும் இருந்தால் போதும். நகல் வேண்டாம்.

எனக்குக் கவலை அந்த நான்கு நாள் கணக்கைப் பற்றித்தான். அதை முதல் வரியிலேயே போட உங்களுக்குக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள்.

நான் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது இப்படி ஒரு கடிதம் வந்தது. எங்கள் பையன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்ன குறையை, அவன் பெயரோடு, அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தார் விற்பனையாளர். மேலிடத்துக்கும் நகல் போயிருந்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முகம் வெளுத்துப்போய் நின்றான். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் வீட்டு விஷயத்தை வெளியே சொன்னவன் என்றாகிவிட்டது. அந்த விற்பனையாளருக்கு நாங்கள் பதிலே போடவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மேலாளர் செய்யப்போகும் முதல் காரியம், அந்தப் பெண்ணிடம் "இவரை உனக்குத் தெரியுமா?" என்று கேட்பதுதான். அந்தக் கேள்விக்கு அவர் தயங்காமல் பதில் சொல்லும்படி உங்கள் கடிதம் இருக்க வேண்டும். அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. எழுதிப் பாருங்கள் என்று அவர் சொன்னது அனுமதி ஆகிவிடாது. முதலில் அவரைக் கேளுங்கள். பெயர் வரும் வரியை அப்படியே அனுப்பிக் காட்டுங்கள். சரி என்றால் இப்படி எழுதலாம்:

"உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் இன்னாரிடம் பேசினேன். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு பற்றி உங்களிடம் பேசுவதே முறை என்றார். கையால் சரிபார்க்கும் இடங்களில், ஒரே தொகை பல பில்களுக்குச் சேர்ந்து வரும்போதுதான் அதிக நேரம் போவதைப் பார்க்கிறேன். உங்களிடமும் அப்படியா? பதினைந்து நிமிடம் பேச முடியுமா?"

பிரச்சினை இதிலும் இருக்கிறது. ஆனால் மற்ற இடங்களில் நீங்கள் பார்த்ததாக வருகிறது. எத்தனை நாள் என்பதை மேலாளரே சொல்லட்டும். "பரிந்துரைத்தார்" என்றும் எழுதாதீர்கள். உங்கள் மென்பொருளை அவர் பயன்படுத்திப் பார்த்ததில்லை, வழிதான் காட்டினார்.

பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் முதல் இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, தலைப்பில் விஷயத்தை மட்டும் வைத்து அனுப்புங்கள். பதில் வரும் வாய்ப்பு குறையும்தான், குறையட்டும். பெயரோடு அனுப்பினால், அனுப்பிய அன்றே அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி தகவல் சொல்லிவிடுங்கள். மேலாளர் கேட்கும்போது அவர் விழிக்கக் கூடாது.