அம்மாவின் இரவைச் சரிசெய்தால்தான் உங்கள் பகல் திரும்பும்

கேள்வி: எனக்கு வயது 47. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பட்டர்வொர்த்தில் 78 வயது அம்மாவோடு தனியாக இருக்கிறேன். அம்மாவுக்குப் பிரஷர், சர்க்கரை, கொஞ்சம் மறதி. ராத்திரி நாலைந்து தடவை எழுந்துவிடுகிறார், ஒவ்வொரு தடவையும் நான்தான் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போகவேண்டும். போன வாரம் பாலத்தில் கார் ஓட்டும்போது கண் சொருகி அடுத்த லேனுக்குப் போய்விட்டேன். முந்தாநாள் அம்மாவிடம் கத்தி, கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அண்ணன் கோலாலம்பூரில் இருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார். சோர்வு தீர ஏதாவது விட்டமின் எழுதிக் கொடுங்கள் டாக்டர்.

பதில்: சகோதரி, முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. பாலத்தில் நடந்தது மூளை சில விநாடிகள் தானாகவே தூங்கிப்போனது. கண் திறந்திருந்தாலும் அது நடக்கும், நடந்தது பாதி நேரம் நமக்கே தெரியாது. கோப்பி, ஜன்னலைத் திறந்து வைப்பது, பாட்டைச் சத்தமாகப் போடுவது எதையும் நம்பி அதைத் தடுக்க முடியாது. அம்மாவின் இரவு சரியாகும்வரை, மூன்று முறைக்கு மேல் எழுந்த இரவுக்கு அடுத்த நாள் நீங்கள் ஓட்டாதீர்கள். உடன் வேலை செய்பவரின் காரிலோ தொழிற்சாலை பஸ்ஸிலோ போங்கள். வழியில் கண் கனத்தால் வண்டியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் தூங்கலாம், ஆனால் பாலத்தின் மேல் நிறுத்த இடமில்லை, அதனால் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்.

விட்டமின் எழுதித் தரப்போவதில்லை. உங்களுக்குக் குறைவது தொடர்ச்சியான தூக்கம். இரவில் மொத்தம் ஆறு மணி நேரம் படுத்திருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்தால், ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகப் போக அதை உடைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். பொறுமை முதலில் போவது இதனால்தான், கணக்கில் தவறு வருவதும் இதனால்தான். பராமரிப்பவரின் சோர்வு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பெற்றவரின் இரவைப் பற்றித்தான், ஏனென்றால் பல வீடுகளில் மருந்து தேவைப்படுவது அங்கேதான்.

வயதானவர் ராத்திரி அடிக்கடி எழுவதை, வயசாகிவிட்டது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். அது சரியில்லை. பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்க முடியும், அதற்கு ஸ்கேன் கூட வேண்டாம். ஒரு அளவுக் குவளை, ஒரு தாள், மூன்று நாள் போதும். வார இறுதியையும் ஒரு நாள் விடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதையும். படுத்தபிறகு போனதோடு காலையில் எழுந்ததும் போகும் முதல் தடவையும் இரவுக் கணக்கில் சேரும். இரவு அளவு, முழு நாளின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் உடம்பு ராத்திரியில் அதிகமாகச் சிறுநீர் உண்டாக்குகிறது என்று பொருள். அப்படியில்லாமல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகவே போனால் பிரச்சினை சிறுநீர்ப்பையில் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம், மலச்சிக்கல் பையை அழுத்துவதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால்தான் இந்தத் தாள் எனக்கு முக்கியம்.

என்னிடம் வந்த ஒரு மகளின் தாளைச் சொல்கிறேன். அவருடைய அம்மாவுக்குப் பகலில் 600 மில்லிலிட்டர், இரவில் 850. பாதிக்கு மேல் ராத்திரியில்தான். காலைப் பார்த்தால் காலுறை போட்ட இடத்தில் ஆழமான கோடு, விரலால் அழுத்தினால் குழி நின்றது. பிரஷருக்கு அம்லோடிபின் பத்து மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். அந்த மருந்து சிலருக்குக் கணுக்காலில் நீர் சேர்க்கும். பகல் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு டிவி பார்க்கிறார், நீர் எல்லாம் காலில் இறங்கி நிற்கிறது. படுத்தவுடன் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. ராத்திரி அவரை எழுப்பியது அந்த நீர்தான். மூச்சிரைப்பு இல்லை, இதயத்தைப் பரிசோதித்ததில் கோளாறு இல்லை. மருந்தைக் குறைத்து வேறொன்றைச் சேர்த்தோம், மதியம் மூன்று மணியிலிருந்து ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்கச் சொன்னோம், மாலை ஆறுக்குப் பிறகு டீ வேண்டாம் என்றோம். மூன்று வாரத்தில் ஐந்து தடவை இரண்டாகக் குறைந்தது. மகளின் முகமே மாறியிருந்தது, ஆனால் அவருக்கு நான் ஒரு மாத்திரை கூடத் தரவில்லை.

உங்கள் அம்மாவுக்கும் இதே காரணம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை கூடியிருந்தால் அதுவே சிறுநீரை இழுத்துக்கொண்டு வரும், சர்க்கரைக்கான சில புதிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும், அவற்றைக் காலையில் தருவதுதான் வழக்கம். நீர் இறக்கும் மாத்திரையை யாராவது இரவு உணவோடு சேர்த்துவிட்டால் அதுவும் போதும். அதனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, தாளோடு சேர்த்து, அரசாங்க கிளினிக்கிலோ வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ வையுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நேரம் மாற்றாதீர்கள். அப்புறம் ஒன்று, தூக்கம் வரட்டும் என்று பிரிட்டோன் போன்ற ஜலதோஷ மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பலர் கொடுக்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான். மறதி உள்ளவருக்கு அது குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும், தடுமாறி விழவும் வைக்கும். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறினாலோ தாளெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதுவரை பாத்ரூம் தூரத்தைக் குறையுங்கள். கட்டிலை ஒட்டி ஒரு கழிவு நாற்காலி, வாளி பொருத்தியது, மருந்துக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். தரையில் மங்கலான விளக்கு. பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள், காலில் தடுக்கும். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி போட்டால் பத்திரம் என்று தோன்றும், ஆனால் மறதி உள்ளவர் அதன் மேலே ஏறி இறங்கப் பார்ப்பார், அப்போது விழுவது அதிக உயரத்திலிருந்து.

இனி உங்களுக்கு. வாரத்தில் குறைந்தது இரண்டு இரவு, ஐந்து மணி நேரம் யாரும் எழுப்பாத தூக்கம் வேண்டும். அதே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதில் பயனில்லை, அம்மா இருமினாலே காது விழித்துக்கொள்ளும், பொறுப்பு வேறொருவரிடம் இருக்க வேண்டும். அண்ணனின் பணத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை. உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பணம்தான் வரும். இப்படி அனுப்புங்கள்: "அண்ணா, வெள்ளி, சனி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை அம்மாவோடு இருக்க ஒரு ஆள் வைக்கிறேன், உன் பணம் அதற்குத்தான் போகும். மாதம் ஒரு முறை வெள்ளிக்கிழமை நீயே வந்து அந்த இரண்டு ராத்திரியும் அம்மாவோடு இரு." அவர் நேரில் ஒரு ராத்திரி எழுந்து பார்த்தால் புரிந்துகொள்வார். பகலில் சமூகநலத்துறையின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பகலில் உட்கார்ந்தே தூங்காத அம்மா இரவில் நன்றாகத் தூங்குவார்.

வேலையிடத்தில் எம்.சி. எடுத்துச் சமாளிக்காதீர்கள், அது உங்கள் நோய்க்கானது, தீர்ந்துபோனால் நீங்கள் காய்ச்சலில் கிடக்கும்போது கையில் இருக்காது. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித்தரச் சொல்லி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் சின்னதாகக் கேளுங்கள்: எட்டுக்குப் பதிலாக ஒன்பதரைக்கு வந்து மாலையில் ஈடுகட்டுகிறேன், மூன்று மாதத்துக்கு. அம்மாவின் நிலையைப் பற்றி டாக்டரின் கடிதம் கேட்டு வாங்கி இணையுங்கள், நாங்கள் எழுதித் தருவோம்.

இரண்டு முழு இரவு தூங்கிய பிறகு என்னவாகிறது என்று பாருங்கள். உடம்பும் மனமும் ஓரளவு திரும்பினால் அது தூக்கக் கடன். திரும்பாவிட்டால் ரத்தப் பரிசோதனை வேண்டும். உங்கள் வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போய் ரத்தம் குறைவது சகஜம், அதோடு தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே கிடந்தாலோ, முன்பு பிடித்தது எதிலும் ருசி இல்லாமல் போனாலோ டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கையைப் பிடித்து இழுத்ததை எழுதினீர்களே, அதை எழுதியது நல்லது. பலர் மறைத்துவிடுகிறார்கள். அம்மாவின் மணிக்கட்டிலும் தோளிலும் வலியோ வீக்கமோ கன்றிப்போன தடமோ இருக்கிறதா என்று இன்று பாருங்கள், வயதானவரின் தோல் மெல்லியது. அடுத்த முறை கோபம் கைக்கு வரும்போது அம்மாவைக் கழிவு நாற்காலியிலோ கட்டிலிலோ பத்திரமாக உட்காரவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், ஐந்து நிமிடம் அவர் ஈரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. மறுபடி கை ஓங்கினால் அந்த வாரமே ஆளை மாற்ற வேண்டும், நீங்கள் கெட்டவர் என்பதால் இல்லை, உங்கள் எல்லை வந்துவிட்டது என்பதால். எல்லாம் முடிந்துபோனால் தேவலை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், 03-7627 2929, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

இந்தச் சனிக்கிழமை காலை அம்மா எழுந்ததும் முதல் தடவை போவதைக் குவளையில் பிடிக்காமல் விட்டுவிடுங்கள், அது முந்தைய இரவின் கணக்கு. அதற்கு அடுத்த தடவையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.